கரண்ட் இல்லாத இடத்தில் சார்ட் வைத்துப் பேசுவது எப்படி: ஒரு பாம்புக்கடிக் கூட்டத்தை வைத்து முழு வழிகாட்டி

ஊர்க் கூட்டத்துக்குச் சார்ட் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் மேசை மேல் தாளை விரித்து, ஓரடி தூரத்தில் குனிந்து எழுதுகிறார்கள். எழுதும்போது எல்லாம் அழகாகத்தான் தெரியும். அதே தாளைத் திடலில் தொங்கவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து எறும்பு ஊர்ந்தது போலவும் படம் ஒரு கறையாகவும் தெரியும். நான் முதன்முதலில் தயாரித்த சார்ட் அப்படித்தான் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவில் பன்னிரண்டு தாள், ஒவ்வொன்றிலும் ஆறேழு வரி. மூன்றாவது தாளுக்குள் பின்வரிசை எழுந்து போய்விட்டது.

அதன்பிறகு நான் கடைசி வரிசையிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறேன். எத்தனை பேர், எங்கே உட்காருவார்கள், கடைசி ஆள் எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால்தான் எழுத்தின் உயரம் தெரியும். எழுத்தின் உயரம் தெரிந்தால்தான் ஒரு தாளில் எத்தனை சொல் கொள்ளும் என்பது தெரியும். பேச்சின் வடிவமே அதிலிருந்துதான் வரும். இதை ஒரு கூட்டத்தை வைத்தே சொல்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போகும் அறுபது பேர், மாலை ஐந்து மணி, ஊர்ப் பொதுக் கட்டடத்து வாசல், பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பது பற்றி அரை மணி நேரம்.

முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள்

கூட்டத்துக்கு முந்தின நாள், கூட்டம் நடக்கும் அதே நேரத்தில் இடத்துக்குப் போங்கள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு மாலையில் கூட்டம் வைத்தால் வெயில் இடம் மாறியிருக்கும்.

எல்லோரும் சொல்வது புளியமரத்தடி அல்லது வேப்பமரத்தடி. ஆட்கள் உட்கார மரத்தடி நல்லதுதான். சார்ட்டுக்கு அது ஆகாது. இலைகளுக்கு நடுவே விழும் வெயில் தாளின் மேல் புள்ளி புள்ளியாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளிகள் படத்தின் கோட்டை விடப் பளிச்சென்று இருப்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் படம் உடைந்து போகும். கட்டடத்தின் நிழல் அப்படி ஆடாது, சீராக இருக்கும்.

மாலைக் கூட்டம் என்றால் கட்டடத்தின் கிழக்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் மேற்கே சாய்ந்திருப்பதால் சார்ட்டும் ஆட்களும் நிழலுக்குள் வந்துவிடுவார்கள், யார் கண்ணிலும் வெயில் அடிக்காது. பத்தடி உயரச் சுவரின் நிழல் மாலை ஐந்து மணிக்கு ஆடி மாதத்தில்கூட இருபதடிக்கு மேல் நீளும். ஆடியில் காற்றும் மேற்கிலிருந்து வருவதால் அதே சுவர் காற்றையும் தடுக்கும். அம்மியே பறக்கும் காற்றில் தாள் எம்மாத்திரம்! காலைக் கூட்டம் என்றால் நிழல் மேற்குச் சுவர்ப் பக்கம் இருக்கும். அப்போது மேல்காற்று சார்ட்டின் முகத்தில் அடிக்கும், உங்கள் குரலையும் உங்கள் பக்கமே திருப்பிவிடும். அதனால் ஆடி, ஆவணியில் முடிந்தவரை மாலையே வையுங்கள்.

சூரியனுக்கு நேராகப் பார்த்தபடி ஆட்களை உட்கார வைக்காதீர்கள். சார்ட்டுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் தாள் விளக்கு போல ஒளிரும், கோடுகள் அதில் மங்கிவிடும். நேர்மாறாக, சார்ட்டின் மேல் நேர் வெயில் விழுந்தால் வழவழப்பான வெள்ளைத் தாள் கண்ணாடி போல் பளபளக்கும்.

உட்காரும் கணக்கு

பள்ளிக்கூடம் போல வரிசைக்கு ஆறு பேர் என்று நேராக உட்கார வைத்தால் அறுபது பேருக்குப் பத்து வரிசை ஆகும். முதல் வரிசை ஆறடியில், அதற்குப் பின் வரிசைக்கு மூன்றடி என்று வைத்தால் கடைசி ஆள் 33 அடியில் இருப்பார். அவருக்குத் தெரிகிற மாதிரி சார்ட் எழுத வேண்டுமானால் போர்வை அளவுக்குத் தாள் வேண்டும்.

அதே ஆட்களைப் பிறை வடிவில் உட்கார வையுங்கள். சார்ட்டை மையமாக வைத்து, வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளைவு. ஒருவருக்கு இரண்டடி இடம் என்று கணக்கிட்டால், ஆறடித் தூரத்து வளைவில் 6 பேர், ஒன்பதடியில் 9, பன்னிரண்டடியில் 12, பதினைந்தடியில் 15, பதினெட்டடியில் 18. கூட்டினால் சரியாக அறுபது. கடைசி ஆள் பதினெட்டடியிலேயே இருக்கிறார், கிட்டத்தட்டப் பாதித் தூரம் குறைந்துவிட்டது.

வளைவை அரை வட்டமாக்கினால் இன்னும் கிட்டத்தில் கொண்டுவரலாமே என்று தோன்றும். ஆனால் இரண்டு ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தாளின் விளிம்பு மட்டும்தான் தெரியும். மூன்றில் ஒரு பங்கு வளைவிலேயே ஓரத்து ஆளுக்குப் படம் பாதி அகலத்துக்கு ஒடுங்கித்தான் தெரியும். அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

வளைவுகளைக் கூட்டம் தொடங்குமுன் சுண்ணாம்புப் பொடியாலோ கோலமாவாலோ தரையில் கோடு போட்டுவிடுங்கள். வாயால் சொல்லி யாரையும் வளைவாக உட்கார வைக்க முடியாது. கோடு இருந்தால் தானாக அதன் மேல் உட்காருகிறார்கள்.

எழுத்து உயரமும் அதனால் வரும் கட்டுப்பாடும்

பெயர்ப்பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து. பதினெட்டடிக்கு இரண்டு அங்குலம் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். தமிழ் எழுத்தில் புள்ளி, சுழி, கொம்பு எல்லாம் சேர்ந்து கிடப்பதால் அந்த அளவில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும், ‘ட்’டின் புள்ளி காணாமல் போகும். நான் மூன்று அங்குலத்துக்குக் குறைவாக எழுதுவதில்லை. கோட்டின் தடிமன் எழுத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மூன்று அங்குல எழுத்துக்கு அரை அங்குலக் கோடு. சாதாரண மார்க்கர் இழுக்கும் கோடு இதில் கால் பங்குகூட வராது. அரை அங்குலத் தட்டைத் தூரிகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சார்ட் தாள் பொதுவாக 22க்கு 28 அங்குலம். படுக்கையாக வைத்தால் அகலம் 28. இரண்டு பக்கமும் ஓரம் விட்டால் 24 அங்குலம் மிஞ்சும். மூன்று அங்குல உயரத்தில் தமிழ் எழுத்து ஒன்று சராசரியாக மூன்றரை, நான்கு அங்குல அகலம் எடுக்கும். ஆக ஒரு வரியில் ஆறு அல்லது ஏழு எழுத்துதான். ‘கட்டாதீங்க’ என்று எழுதினால் வரி முடிந்தது.

இந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தாளுக்கு ஒரு படம், ஒரு சொல் என்ற ஒழுங்கு இதனால் தானாக வந்துவிடுகிறது. மற்றதெல்லாம் வாயால் சொல்ல வேண்டியது. பேச்சு வழக்கில் எழுதலாமா என்று கேட்பார்கள். ‘இறுக்கிக் கட்டுதல் கூடாது’ என்பதை மூன்று அங்குலத்தில் எழுத மூன்று வரி ஆகும். ‘கட்டாதீங்க’ ஒரு வரியில் அடங்குவதோடு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் சட்டென்று பிடிபடும்.

எதை வரைவது, எதை விடுவது

பாம்புக்கடி என்றதும் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது நான்கு விஷப் பாம்புகளின் படம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நானும் முதலில் இவற்றை வரைந்தேன். கூட்டம் உற்சாகமாகிவிட்டது. “எங்க வயல்ல இதவிட நீளமா ஒண்ணு இருக்கு” என்று ஆரம்பித்து அரை மணி நேரமும் பாம்புக் கதையிலேயே போனது. முதலுதவிக்கு வரவே முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் அந்தத் தாளே தேவையில்லை. நம் நாட்டில் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. கடித்தது எது என்று உறவினர்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பாம்பைத் தேடிப் போய் அடிப்பதில் நேரமும் போகிறது, இன்னொருவர் கடிபடவும் கூடும். அதனால் அடையாளம் காட்டும் தாளைத் தூக்கிவிட்டேன். யாராவது கேட்டால் வாயால் சொல்கிறேன். மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து விஷம் எடுப்பதையும், அந்த விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது என்பதையும் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள்.

புள்ளிவிவரத் தாளும் வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. பெரிய எண்தான். ஆனால் அந்த எண்ணைத் தாளில் எழுதினால் கூட்டத்தில் யார் முகத்திலும் எதுவும் மாறுவதில்லை. “நம்ம ஊர்ல யாருக்காவது கடிச்சிருக்கா?” என்று கேட்டால் பத்துக் கை எழும்.

கடைசியில் மிஞ்சியவை ஆறு தாள்கள். ஒவ்வொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வு செய்ததில்தான் வேலையே இருக்கிறது.

முதல் தாளில் எழுத்தே இல்லை. வரப்பில் ஒருவர் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் மண்வெட்டி கிடக்கிறது, ஓரத்தில் பாம்பின் வால் மட்டும். இதைக் காட்டிவிட்டு, “இப்போ பக்கத்துல நீங்க இருக்கீங்க. என்ன செய்வீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். கட்டுப் போடுவோம், கீறிவிடுவோம், வாயால் உறிஞ்சுவோம், வேப்பிலை கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்போம் என்று அவர்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். தவறுகளை நீங்கள் பட்டியல் போட வேண்டிய வேலை மிச்சம்.

இரண்டாவது தாள், இறுக்கிக் கயிறு கட்டிய கால். கட்டுக்குக் கீழே கால் வீங்கிக் கறுத்திருக்கிறது. சொல்: ‘கட்டாதீங்க’. ரத்த ஓட்டம் நின்றால் கால் அழுகிவிடும் என்பதை இந்தப் படம் காட்டுகிறது. கீறுவது, உறிஞ்சுவது பற்றி இங்கேயே வாயால் சொல்லிவிடுங்கள். தவறான செயலுக்கு ஒரு தாளுக்கு மேல் ஒதுக்காதீர்கள். வீட்டுக்குப் போன பிறகு நினைவில் நிற்பது படம். அதன் மேல் போட்ட பெருக்கல் குறி மறந்துவிடும்.

மூன்றாவது தாளில் காலின் இருபுறமும் மூங்கில் பிளாச்சு வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. எலும்பு முறிந்தால் செய்வது போல. சொல்: ‘அசைக்காதீங்க’. தசை அசையும்போது விஷம் வேகமாக ஏறும் என்பதால் கடிபட்டவர் நடக்கக் கூடாது. கடித்த இடம் கையானால் கைக்கும் இதேதான்.

நான்காவது, மெட்டியும் கொலுசும் கழற்றும் கை. வீக்கம் ஏறிய பிறகு மெட்டியைக் கழற்ற முடியாது, அது இன்னொரு கட்டு போல இறுக்கும். மோதிரம், வளையல், காலில் கட்டிய மந்திரித்த கயிறு எல்லாம் இதில் சேரும். கயிற்றைக் கழற்றச் சொல்லும்போது மட்டும் பேச்சில் கொஞ்சம் பக்குவம் வேண்டும்.

ஐந்தாவது தாளில் பைக். முன்னால் ஓட்டுபவர், நடுவில் கடிபட்டவர், பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர். மேலே ஆறு அங்குல உயரத்தில் 108. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் ஊர்களில் பைக்தான் நிஜம், அதனால் அதையே வரைந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருப்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஊர்ப் பெயரைத் தாளில் எழுதுங்கள். ‘ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை.

ஆறாவது, இரவு. மேலே கொசுவலை கட்டிய கட்டில், அதில் தூங்கும் குழந்தை. கீழே தரையில் ஊரும் கட்டுவிரியன். இந்த ஒரு பாம்புக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தேன். அது இரவில் வீட்டுக்குள் வந்து பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. வலி இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்குவது என்று ஆரம்பித்தால் பாம்பைச் சந்தேகிக்க வேண்டும். இதை அந்தக் கூட்டத்தில் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

வரைதல்

ஓவியம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். ஏ4 தாளில் படத்தை முதலில் சிறியதாக வரையுங்கள், அல்லது வரையத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். அதன் மேல் ஓர் அங்குலக் கட்டங்கள் போட்டால் 11க்கு 8 கட்டம் வரும். சார்ட்டில் பென்சிலால் இரண்டரை அங்குலக் கட்டங்கள் போடுங்கள். 11க்கு 8 கட்டம் 27½ அங்குலம், 20 அங்குலம் ஆகும், தாளில் கச்சிதமாக அடங்கும். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துக் கோட்டை மாற்றினால் போதும். பெரிய கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது மிகச் சுலபமாக வருகிறது.

முக்கியமான பொருள் தாளின் பாதி உயரமாவது இருக்க வேண்டும். பின்னணியில் மரம், மேகம், மலை எதுவும் வேண்டாம். அதற்காகக் காலை மட்டும் தனியாக வெட்டியெடுத்தது போலவும் வரையாதீர்கள். இரண்டாவது தாளை முதலில் முழங்காலுக்குக் கீழே மட்டும் வரைந்திருந்தேன். ஒரு அம்மா பார்த்துவிட்டு, “கால எடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். இப்போது ஆள் உட்கார்ந்து கால் நீட்டியிருப்பது போல, கால் மட்டும் கொஞ்சம் பெரிதாக வரைகிறேன்.

வெளிக்கோடு கறுப்பு. உடலுக்கு மாநிறப் பழுப்பு. சிவப்பு கடிவாயில் மட்டும். மஞ்சளும் ஆரஞ்சும் வெளிச்சத்தில் தாளோடு கரைந்துவிடும், எழுத்துக்கு அவற்றைத் தொடவே வேண்டாம். போஸ்டர் கலர் மலிவுதான், ஆனால் பனி பட்டாலே வழியும், ஈரக் கை பட்டால் ஒட்டும். அக்ரிலிக் காய்ந்த பிறகு கரையாது.

ஒரே ஒரு கூட்டம் என்றால் தாள் போதும். பளபளப்பில்லாத, கொஞ்சம் பழுப்பு வெள்ளைத் தாளாக வாங்குங்கள். பத்து ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் காடாத் துணியில் வரையுங்கள். புதுத் துணியை ஒருமுறை அலசி, கெட்டியான சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காய வைத்து, தேய்த்துக்கொள்ள வேண்டும். கஞ்சி போடாவிட்டால் சாயம் நூலோடு பரவி எழுத்து பூத்துவிடும். துணி கிழியாது, காற்றில் படபடவென்று சத்தமும் போடாது.

கட்டுவதும் தொங்கவிடுவதும்

இரண்டரை அடி நீள மர ரீப்பர் இரண்டு எடுத்து, ஆறு தாளின் மேல் விளிம்பையும் நடுவில் வைத்து, மூன்று இடத்தில் போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்குங்கள். முதல் தாளுக்கு முன்னால் ஒரு வெற்றுத் தாள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் முதல் படத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். மேலே உள்ள சொல்லுக்கு அடியில் அடுத்த தாள் நிழலாகத் தெரிந்தால் இடையிலும் வெற்றுத் தாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தாளின் அடி விளிம்பையும் ஓர் அங்குலம் மடித்து, உள்ளே நான்கைந்து தென்னை ஈர்க்குகளை வைத்து ஒட்டுங்கள். தாள் சுருளாது, காற்றுக்குச் சட்டென்று தூக்காது, புரட்டப் பிடியாகவும் இருக்கும்.

சரி, எதில் தொங்கவிடுவது? சுவரில் ஆணி அடித்து மாட்டினால் புரட்டிய தாள் பின்னால் போக இடம் இருக்காது. மூன்று கால் ஸ்டாண்டு வெளியே காற்றுக்குச் சாயும். நான் பல வருடம் திண்டாடிவிட்டு ஒரு ஊரில் கற்றுக்கொண்ட வழி இது. கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி, அதன் கால்கள் சுவரைப் பார்க்க வைத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டில் ஏறக்குறைய ஆறடி நீளம், மூன்றடி அகலம் இருக்கும், 28 அங்குலத் தாள் அதில் அழகாக உட்காரும். பின்னியிருக்கும் கயிறு தாளுக்கு முதுகு கொடுக்கும். கட்டில் கால்களால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் புரட்டிய தாள்கள் போய் விழும். கிராமத்தில் கட்டில் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை, சுமந்துகொண்டு போக வேண்டியதும் இல்லை.

இப்படிக் கட்டினால் தாளின் மேல் விளிம்பு ஆறடியிலும் கீழ் விளிம்பு நாலடிக்கு மேலும் வரும். தரையில் உட்கார்ந்தவர் தலை ஏறக்குறைய மூன்றடிக்குள் இருப்பதால் யாரும் யாரையும் அதிகம் மறைக்க மாட்டார்கள். நான் தாளைப் படுக்கையாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். நெட்டுக்கு வைத்தால் அடிப்பகுதி இன்னும் கீழே இறங்கி, அங்கே எழுதிய சொல் முன்னால் இருப்பவர்களின் தலைகளுக்குப் பின்னால் மறையக்கூடும். அதே காரணத்துக்காகச் சொல்லை எப்போதும் தாளின் மேற்பகுதியில் எழுதுங்கள்.

கூட்டத்துக்கு முன் மூன்று பேரிடம் காட்டுவது

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். வண்ணம் தீட்டுவதற்கு முன், பென்சில் நிலையிலேயே, படிக்கத் தெரியாத மூன்று நான்கு பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். “புரியுதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்குப் புரிகிறது என்பார்கள். “இதுல என்ன நடக்குது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் ஒரு பெரிய ஆபத்து தப்பியது. இரண்டாவது தாளில் நிஜக் கயிறு ஒன்றைப் படத்தின் காலோடு கட்டி, பேசும்போது அதை அவிழ்த்துக் காட்டலாம் என்று ஒரு யோசனை செய்திருந்தேன். பார்க்க நன்றாக இருந்தது. காட்டிய இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “யாராவது கட்டுப் போட்டிருந்தா உடனே அவுத்துடணும்.” அது தவறு. இறுகக் கட்டிய கட்டை வழியில் சட்டென்று அவிழ்த்தால் தேங்கியிருந்த விஷம் ஒரேயடியாக உடலில் ஏறலாம். ஏற்கெனவே கட்டியிருந்தால் அப்படியே வேகமாகக் கொண்டுபோய், மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். என் கைவேலை நேர்மாறான பாடத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கயிற்றை எடுத்துவிட்டேன்.

எழுத்துக்கும் ஒரு சோதனை உண்டு. தாளைத் தொங்கவிட்டு, கடைசி வரிசைத் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போய் நில்லுங்கள். நம் கூட்டத்துக்கு 27 அடி. அங்கிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போதும் சொல் படிக்க முடிந்தால் சரி. வயதானவர்கள் பலர் கண்ணாடி இல்லாமல் வருவார்கள் என்பதற்குத்தான் இந்த ஒன்றரை மடங்கு.

பேசும்போது

ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சொல்ல வேண்டியதைப் பென்சிலால் சிறிய எழுத்தில் மூன்று நான்கு வரி குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரியும், ஆறடியில் இருப்பவருக்குத் தெரியாது. கையில் குறிப்புத் தாள் வைத்துக்கொண்டால் அது காற்றில் பறக்கும், உங்கள் கண்ணும் அதிலேயே இருக்கும்.

சார்ட்டுக்குப் பக்கவாட்டில் நின்று, மூன்றடிக் குச்சியால் காட்டுங்கள். கையால் காட்டினால் உடம்பு படத்தை மறைக்கும், முகமும் தாளைப் பார்த்துத் திரும்பிவிடும். திரும்பிய குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. மைக் இல்லாத இடத்தில் இதுதான் முக்கியம். புரட்டும்போது பேச வேண்டாம். புரட்டி முடித்து, மூன்று நான்கு நொடி அவர்களைப் பார்க்க விட்டு, அப்புறம் பேசுங்கள். வங்காளத்துப் படச்சுருள் பாட்டுக்காரர்கள் சுருளை ஒரு சட்டம் அளவுக்கு மட்டும் அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டிப் பாடிவிட்டுத்தான் அடுத்ததை அவிழ்ப்பார்கள். அடுத்த படம் கண்ணில் படாததால்தான் அதுவரை காதைக் கொடுக்கிறார்கள்.

ஒரு தாளுக்கு மூன்று நிமிடம் போதும். முதல் தாளுக்கு மட்டும் ஐந்து நிமிடம் விடுங்கள், அங்கேதான் ஊர் பேசும். ஆறு தாளும் இருபது நிமிடத்தில் முடியும், மீதிப் பத்து நிமிடம் மீள்சொல்லலுக்கு. இருட்டுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே கூட்டம் கலைகிற மாதிரி தொடங்குங்கள். வெளிச்சம் மங்கத் தொடங்கினால் முதலில் காணாமல் போவது பழுப்பு நிறம், பிறகு படம் வெறும் கோடாகிவிடும். பெண்களும் சமையலுக்கு எழுந்துவிடுவார்கள்.

மீள்சொல்லல் என்பது இதுதான்: சார்ட்டை முதல் தாளுக்குத் திருப்பி வைத்து, குச்சியைக் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்து, “நீங்க சொல்லுங்க” என்பது. படித்த இளைஞரிடம் கொடுக்காதீர்கள், அவர் சொல்லை வாசித்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் கூட்டத்தில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். முதல் மூன்று தாளையும் என்னைவிட நன்றாகச் சொன்னார். நான்காவது தாளில் நின்றார். மெட்டியைக் கழற்றும் கையைக் காட்டி, “ஆஸ்பத்திரி செலவுக்கு நகைய அடகு வெக்கணும்னு சொன்னீங்கல்ல?” என்றார். கூட்டம் சிரித்தது. படத்தைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. வீங்காத, சாதாரணக் காலில் மெட்டி கழற்றுவதைத்தான் நான் வரைந்திருந்தேன். அன்று இரவே அந்தத் தாளை எடுத்துவிட்டு, ஒரு கால் வீங்கி மெட்டி விரலில் பதிந்திருப்பதையும், பக்கத்தில் வீங்காத காலில் மெட்டி கழற்றுவதையும் சேர்த்து வரைந்தேன். அடுத்த ஊரில் அந்தக் கேள்வி வரவில்லை. அங்கே ஐந்தாவது தாளில் நின்றார்கள்: பைக்கில் நடுவில் இருப்பவர் காலைத் தொங்கவிட்டிருக்கிறாரே, மூங்கில் பிளாச்சு எங்கே என்று.